கல் வைத்த நகை வாங்கும்போது பில்லை எப்படிச் சரிபார்ப்பது?

நகைக் கடைக்குப் போகிற பெரும்பாலானவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள். இன்றைக்கு கிராம் என்ன விலை, சேதாரம் எத்தனை சதவீதம். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் கல் வைத்த நகையில் பணம் சத்தமில்லாமல் கூடுகிற இடம் வேறு. அது நிகர எடை, அதாவது கல்லைக் கழித்த பிறகு மிஞ்சுகிற தங்கத்தின் எடை. தங்க விலை அந்த எடையோடுதான் பெருக்கப்படுகிறது. சேதாரம், செய்கூலி, வரி எல்லாம் அதன்மேல் ஏறி உட்காருகின்றன. அடியில் இருக்கும் இந்த எண் தப்பாக இருந்தால் மேலே எவ்வளவு பேரம் பேசியும் பிரயோஜனம் இல்லை.

அதனால் ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்ப்போம். தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு கடையில் 22 கேரட் கெம்புக்கல் அட்டிகை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்க விலை தினமும் மாறும் என்பதால், கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

பில் இப்படி இருக்கிறது:

மொத்த எடை: 22.400 கிராம்
கல் எடை: 2.400 கிராம்
நிகர எடை: 20.000 கிராம்
சேதாரம் 14 சதவீதம்: 2.800 கிராம்
தங்க மதிப்பு, 22.800 கிராமுக்கு: ரூ. 2,28,000
செய்கூலி, கிராமுக்கு ரூ. 150: ரூ. 3,000
கல் விலை, 12 கேரட், கேரட்டுக்கு ரூ. 500: ரூ. 6,000
வரிக்கு முந்தைய தொகை: ரூ. 2,37,000
ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: ரூ. 7,110
ஹால்மார்க் கட்டணம், வரியுடன்: ரூ. 53.10
மொத்தம்: ரூ. 2,44,163.10

சில கடைகளின் பில்லில் இவை கிராஸ் வெயிட், ஸ்டோன் வெயிட், நெட் வெயிட் என்றும், சேதாரம் வி.ஏ. என்றும் இருக்கும். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றுதான்.

முதலில் மொத்த எடை. நீங்களே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய எடை இது ஒன்றுதான். தராசு மூன்று தசம இலக்கம் காட்ட வேண்டும். நகையை வைக்கும் முன் தட்டு காலியாக இருக்கும்போது 0.000 என்று நிற்கிறதா என்று பாருங்கள். நகையில் நூலால் கட்டியிருக்கும் விலைச்சீட்டை, கடைக்காரர்கள் டேக் என்று சொல்வதை, அவிழ்த்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள். அட்டையும் நூலும் சேர்ந்து கொஞ்சம்தான் எடை இருக்கும். ஆனால் கிராம் 10,000 ரூபாய் விற்கும்போது 0.100 கிராம் என்பது ஆயிரம் ரூபாய்.

அந்த டேக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் பொடி எழுத்தில் இருக்கும். கல்லைப் பதித்து மூடிய பிறகு அதைத் தனியாக எடை போட முடியாது. பட்டறையில் பதிக்கும்போது குறித்த எடைதான் டேக்கில் ஏறி, அங்கிருந்து பில்லுக்கு வருகிறது. அதாவது நிகர எடை என்பது உங்கள் முன்னால் எடை போட்டுப் பார்த்த எண் இல்லை. மொத்த எடையிலிருந்து கடைக்காரர் சொல்லும் கல் எடையைக் கழித்துக் கிடைத்த எண். தங்கக் கணக்கு முழுவதும் அந்தக் கல் எடையை நம்பித்தான் நிற்கிறது.

அப்படியானால் வாங்குபவர் அதை எப்படிச் சரிபார்ப்பது? வழி பில்லுக்குள்ளேயே இருக்கிறது.

கல்லுக்கு இரண்டு இடத்தில் எடை வருகிறது. தங்கத்திலிருந்து கழிக்கும் இடத்தில் கிராமில் வருகிறது. கல்லுக்கு விலை போடும் இடத்தில் கேரட்டில் வருகிறது. கல் எடையில் 1 கேரட் என்றால் 0.2 கிராம், ஆக 5 கேரட் சேர்ந்தால் 1 கிராம். (22 கேரட் தங்கம் என்று சொல்லும் கேரட் தூய்மையைக் குறிப்பது. அதை இந்தக் கணக்கோடு சேர்க்கக்கூடாது.) நம் பில்லில் கல்லுக்கு 12 கேரட் என்று விலை போட்டிருக்கிறார்கள். 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.400 கிராம். கழித்த கல் எடையும் 2.400. இரண்டும் ஒத்துப்போகின்றன, சரி.

இப்போது இதே அட்டிகைக்கு இன்னொரு மாதிரி பில் வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கல் விலை அதே 12 கேரட்டுக்கு 6,000 ரூபாய். ஆனால் கழித்த கல் எடை 1.400 கிராம் மட்டும். நிகர எடை 21.000 கிராம் ஆகிவிடுகிறது. ஒரு கிராம்தானே என்று விட முடியாது. அந்த ஒரு கிராமுக்குத் தங்க விலை 10,000. அதன்மேல் 14 சதவீதம் சேதாரம் 1,400. செய்கூலி 150. ஆக 11,550. அதற்கு 3 சதவீத வரி 346 ரூபாய் 50 காசு. மொத்தம் 11,896 ரூபாய் 50 காசு கூடுதல். கல்லுக்குக் கல் விலையும் கொடுத்து, அதே கல்லின் ஒரு பகுதிக்குத் தங்க விலையும் கொடுத்தாயிற்று. பேரம் பேசி சேதாரத்தை 14-லிருந்து 12-ஆகக் குறைத்திருந்தால்கூட, 20 கிராமுக்கு அது 4,000 ரூபாய்தான். லாபம் எது, நஷ்டம் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இது எப்போதும் வேண்டுமென்றே செய்வது என்று சொல்ல மாட்டேன். டேக் அடிக்கும்போதே எண் தவறலாம். அட்டிகையோடு ஜிமிக்கியும் சேர்த்து செட்டாக வாங்கும்போது ஒன்றின் கல் எடை விட்டுப் போகலாம். எப்படி ஆனாலும் பணம் போவது உங்களிடமிருந்துதான். கேட்டால் கல்லாவில் இருப்பவர் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை. "அண்ணா, கல்லுக்கு 12 கேரட் போட்டிருக்கீங்க, கழிச்சது 1.400 தானே இருக்கு, ஒரு தடவை டேக்கைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாலே போதும்.

இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு எல்லை உண்டு. கல்லை எண்ணிக்கைக்கு விலை போட்டால், உதாரணமாக 48 கல், கல்லுக்கு 125 ரூபாய் என்று இருந்தால், கேரட் எடை பில்லில் இருக்காது. அப்போது ஒப்பிட எண் இல்லை. கல்லின் மொத்த எடையை கேரட்டிலோ கிராமிலோ பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கல் என்ன வகை, இயற்கையா செயற்கையா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழைய நகையை மாற்றப் போகும்போது சாதாரணக் கெம்புக்கல்லுக்குக் கடைகள் பெரும்பாலும் மதிப்புக் கொடுப்பதில்லை, தங்கத்துக்கு மட்டும்தான் கொடுக்கின்றன. சேதாரத்தில் விட்டுக்கொடுத்த தொகையைக் கல் விலையில் ஏற்றிவிட்டால், அது திரும்பி வராத பணம்.

கல் மட்டுமல்ல, தங்கம் இல்லாத வேறு பொருள்களும் நகையில் இருக்கலாம். உள்ளே குழிவாகச் செய்து அரக்கு நிரப்பிய நகைகள் உண்டு. கருகமணி, முத்து, பட்டு நூல் கோத்தவை உண்டு. இவை எதுவும் நிகர எடைக்குள் வரக்கூடாது. "உள்ளே அரக்கு இருக்கா, அதைக் கழிச்சாச்சா" என்று கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹால்மார்க் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் நினைக்கிறார்கள். ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்குச் சாட்சி. பில்லில் போட்ட நிகர எடை சரி என்பதற்கு அது சாட்சி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம் ஆகிய மூன்றையும் கடையில் உள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டச் சொல்லலாம். BIS Care செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகை எந்த வகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் முத்திரை வாங்கியது என்று வரும். கையில் இருப்பது அட்டிகை, செயலி மோதிரம் என்று காட்டினால் வாங்காதீர்கள். பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. கட்டணம் ஒரு உருப்படிக்கு 45 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியும். அது எடையைப் பொறுத்து மாறாது, இரண்டு கிராம் மோதிரத்துக்கும் இருபது கிராம் அட்டிகைக்கும் ஒன்றுதான்.

அடுத்து சேதாரம். கையால் இழுத்து, அறுத்து, அரம் போட்டு, பற்று வைத்துச் செய்யும்போது பொடியாகப் போகும் தங்கத்துக்கு ஈடாகத்தான் இது முதலில் வந்தது. இன்று மெஷினில் வார்க்கும் நகையில் அவ்வளவு தங்கம் வீணாவதில்லை. பட்டறையில் உதிரும் பொடியையும் கூட்டி எடுத்து உருக்கிக்கொள்கிறார்கள். ஆக பில்லில் இருக்கும் 14 சதவீதம் என்பது தங்க இழப்பின் அளவு இல்லை, வேலைப்பாட்டுக்கும் கடையின் லாபத்துக்கும் சேர்த்துப் போட்ட விலை. அதனால்தான் அதில் பேரம் பேச முடிகிறது. சாதாரணச் சங்கிலிக்குக் குறைவாகவும், நுணுக்கமான கோயில் வேலைப்பாட்டுக்கு அதிகமாகவும் இருப்பதும் அதனால்தான்.

சேதாரத்தில் பார்க்க வேண்டியது சதவீதம் மட்டுமல்ல, அது எந்த எடைக்குப் போடப்படுகிறது என்பதும்தான். நிகர எடையான 20.000 கிராமுக்கு 14 சதவீதம் 2.800 கிராம். அதையே கல்லும் சேர்ந்த 22.400 கிராமுக்குப் போட்டால் 3.136 கிராம். வித்தியாசம் 0.336 கிராம், 3,360 ரூபாய், வரியோடு 3,460 ரூபாய் 80 காசு. பில்லில் சேதாரம் கிராமில் போட்டிருந்தால் அதை நிகர எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சொன்ன சதவீதம் வர வேண்டும். 3.136-ஐ 20-ஆல் வகுத்தால் 15.68 சதவீதம் வரும். 14 என்று சொல்லிவிட்டு 15.68 வாங்கினால் எங்கே ஏறியது என்று உடனே தெரிந்துவிடும். செய்கூலியிலும் இதேபோல் எந்த எடையால் பெருக்கியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி அறிவிப்பிலும் ஒரு குழப்பம் வரும். "சேதாரத்தில் 20 சதவீதம் தள்ளுபடி" என்றால் 14 சதவீதத்திலிருந்து 20 கழிவதில்லை. 14-இல் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அதாவது சேதாரம் 11.2 சதவீதம் ஆகிறது. நம் அட்டிகையில் அது 0.560 கிராம், 5,600 ரூபாய். நல்ல தொகைதான், ஆனால் விளம்பரப் பலகையில் பார்க்கும்போது தோன்றும் அளவு இல்லை.

ஒரு கடை செய்கூலி இல்லை என்கிறது, இன்னொரு கடை சேதாரம் குறைவு என்கிறது. இதில் எது மலிவு என்று கண்டுபிடிக்க இரண்டையும் ஒரே எண்ணாக்கிவிடுவது நல்லது. வரிக்கு முந்தைய தொகையிலிருந்து கல் விலையைக் கழியுங்கள். மிஞ்சுவதை நிகர எடையால் வகுங்கள். அன்றைய கிராம் விலைக்கு மேல் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். நம் பில்லில் 2,37,000-இல் 6,000 போக 2,31,000. 20-ஆல் வகுத்தால் கிராமுக்கு 11,550 ரூபாய். தங்க விலைக்கு மேல் 15.5 சதவீதம். பாண்டி பஜாரில் இன்னொரு கடையில் சேதாரம் 9 சதவீதம்தான், ஆனால் செய்கூலி கிராமுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கம் 2,18,000, செய்கூலி 14,000, ஆக 2,32,000. அதாவது 16 சதவீதம். கேட்கும்போது மலிவாகத் தெரிந்த இரண்டாவது கடையில்தான் ஆயிரம் ரூபாய் அதிகம்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சேதாரம் தங்க விலையோடு சேர்ந்து ஏறும், கிராமுக்கு இவ்வளவு என்று போடும் செய்கூலி ஏறாது. தங்கம் கிராம் 12,000 ஆகும்போது முதல் கடையில் கல் தவிர்த்து 2,76,600, இரண்டாவது கடையில் 2,75,600. இப்போது இரண்டாவது கடை ஆயிரம் ரூபாய் மலிவாகிவிட்டது. அதனால் போன வருஷம் அக்கா வாங்கிய கடையில் குறைவாக இருந்தது என்ற தகவலை நம்பிப் போகாமல், வாங்கும் நாளின் விலையில் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

கிராம் விலையைப் பொறுத்தவரை, சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் விலை கடைப் பலகையில் இருக்கும். ஒரே நாளில் காலை ஒரு விலையும் மாலை ஒரு விலையும் வரலாம். பில்லில் இருப்பது நீங்கள் வாங்கிய நேரத்து விலையா என்று பாருங்கள். நகை 18 கேரட் என்றால் 18 கேரட் விலையைத்தான் போட வேண்டும். 22 கேரட் 10,000 என்றால் தூய்மைக் கணக்கில் 18 கேரட் ஏறக்குறைய 8,180 ரூபாய்தான் வரும்.

வரி இருப்பதிலேயே எளிது. கடையில் செய்து வைத்த நகையை வாங்கும்போது தங்கம், சேதாரம், செய்கூலி, கல் எல்லாம் சேர்ந்த தொகைக்கு 3 சதவீதம். பில்லில் மத்திய ஜி.எஸ்.டி. 1.5, மாநில ஜி.எஸ்.டி. 1.5 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். நம் கணக்கில் இரண்டும் தலா 3,555 ரூபாய். செய்கூலிக்குத் தனியாக 5 சதவீதம் என்று நிறைய பேர் சொல்வார்கள். அந்த 5 சதவீதம், உங்கள் சொந்தத் தங்கத்தைக் கொடுத்து வரிப் பதிவு உள்ளவரிடம் நகை செய்து வாங்கும்போது அவர் கூலிக்கு வருவது. கடையில் தயார் நகை வாங்குபவருக்கு அது பொருந்தாது. தள்ளுபடி கொடுத்திருந்தால் அதைக் கழித்த பிறகுதான் வரி போட வேண்டும். 5,600 ரூபாய் தள்ளுபடியைக் கடைசி வரியில் கழித்து, வரியை மட்டும் பழைய தொகைக்கே போட்டிருந்தால் 168 ரூபாய் கூடுதல்.

பணம் கட்டும் முன் பெரும்பாலான கடைகளில் எஸ்டிமேட் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். மேலே சொன்ன கணக்கையெல்லாம் அந்தச் சீட்டை வைத்தே செய்துவிடுங்கள், கைபேசிக் கால்குலேட்டரில் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது எஸ்டிமேட் இல்லை, கடையின் ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட வரி பில். பில் வேண்டாம் என்றால் வரியை விட்டுவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் எடையிலோ தூய்மையிலோ தகராறு வந்தால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு தப்பு தெரிந்தால் நகை, டேக், பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்கே போங்கள். கூடுதலாக வாங்கியது உண்மை என்றால், அந்தத் தொகைக்கும் அதற்குரிய வரிக்கும் சேர்த்துக் கடைக்காரர் கிரெடிட் நோட் போட்டுத் தர முடியும். வாய்ப்பேச்சில் அடுத்த தடவை கழித்துக்கொள்கிறேன் என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஹால்மார்க் நகையில் தூய்மை குறைந்தது சோதனையில் தெரிந்தால், தூய்மை குறைந்ததால் வரும் விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகளில் இருக்கிறது. கடையில் பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கடை தி. நகரில் இருந்தாலும், நீங்கள் தாம்பரத்தில் குடியிருந்தால் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.